த்ரூ ஃபால்ட்டுக்குப் பிறகு ஓர் எஸ்.எஃப்.ஆர்.ஏ. சோதனை: அசைந்தது சுருளா, எர்த் பின்னலா?

டிரான்ஸ்பார்மர் 50 எம்.வி.ஏ., 132/33 கிலோவோல்ட். மின்மறுப்பு 12.5 சதவீதம். 132 பக்கம் நியூட்ரல் வெளியே கொண்டுவரப்பட்ட ஸ்டார், 33 பக்கம் டெல்டா. பெயர்ப்பலகையில் YNd1 என்று இருக்கும். துணைமின்நிலையத்தை ஒட்டியே ஒரு 33 கிலோவோல்ட் ஃபீடரில் பி ஃபேசும் ஆர் ஃபேசும் சேர்ந்துகொண்டன. ஃபீடரின் பிரேக்கர் திறக்கவில்லை. பின்காப்பு ரிலே வேலை செய்து டிரான்ஸ்பார்மரின் 33 பக்க பிரேக்கரைத் திறக்கும் வரை, சுமார் 0.8 வினாடி, பழுது மின்னோட்டம் முழுவதும் இந்த டிரான்ஸ்பார்மர் வழியாகவே பாய்ந்தது; த்ரூ ஃபால்ட் என்பது இதுதான். டிஃபரன்ஷியல் ரிலே அசையவில்லை. பழுது வெளியே இருக்கும்போது அது அசையவும் கூடாது. புக்கோல்ஸ் ரிலேயில் வாயு சேரவில்லை.

சுருள் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் எப்படிப் பதில் தருகிறது என்று அளக்கும் எஸ்.எஃப்.ஆர்.ஏ. கருவியோடு நாங்கள் போனபோது மற்ற சோதனைகள் பெரும்பாலும் முடிந்திருந்தன. சுற்று விகிதம் சரி, சுருள் மின்தடை சரி, காப்புத் தடை சரி. எண்ணெயில் கரைந்த வாயுக்களும் பழைய அளவிலேயே இருந்தன. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது சார், சார்ஜ் செய்துவிடலாமே" என்றார் நிலையப் பொறியாளர். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தச் சோதனைகள் எல்லாம் கேட்பது வேறு கேள்விகள்: சுற்றுகள் குறுக்கிணைந்தனவா, செம்பு அறுந்ததா, காப்பு உடைந்ததா, எங்காவது சூடேறியதா. சுருள் தன் வடிவத்தை மட்டும் இழந்து, காப்பு இன்னும் உடையாமல் நின்றால், இவை அனைத்திலும் அது தேறிவிடும். அடுத்த பழுதிலோ இடி அலையிலோதான் அது உடையும்.

சோதனையைத் தொடங்கும் முன் ரிலேயின் பழுதுப் பதிவை வாங்கிப் பார்த்தேன். இதைச் செய்யாமல் எஸ்.எஃப்.ஆர்.ஏ. வளைகோடுகளைப் பார்ப்பதை நான் விரும்புவதில்லை. எந்தச் சுருள்மேல் சந்தேகம் கொள்ள வேண்டும் என்பதை அந்தப் பதிவே சொல்லிவிடும். 33 பக்க லைனில் 5.4 கிலோ ஆம்பியர், முதல் உச்சம் 12.6 கிலோ ஆம்பியர், பி–ஆர் இடையே மட்டும். டெல்டாவில் இந்த மின்னோட்டம் சமமாகப் பிரியாது. பழுதுபட்ட இரண்டு முனைகளுக்கு நடுவே நேராக இருக்கும் சுருளில் மூன்றில் இரண்டு பங்கும், மற்ற இரண்டு சுருள்கள் தொடராக இருக்கும் வழியில் மூன்றில் ஒரு பங்கும் போகும். டி1 இணைப்பில் பி–ஆர் முனைகளுக்கு நடுவே இருப்பது கோரின் பி காலில் உள்ள சுருள். ஆக அந்தச் சுருளில் 3.6 கிலோ ஆம்பியர் பாய்ந்திருக்கிறது. அதன் முழுச்சுமை மின்னோட்டம் 505 ஆம்பியர். அதாவது ஏழு மடங்குக்குச் சற்று மேல். விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சுமார் ஐம்பது மடங்கு விசை. முதல் உச்சத்தில் அதைவிடவும் பல மடங்கு. மற்ற இரு கால்களில் மின்னோட்டம் பாதி, விசை கால் பங்கு. சுருள் அசைந்திருந்தால் அது பி காலில்தான் இருக்க வேண்டும். உள்ளே கோரை ஒட்டியிருக்கும் 33 கிலோவோல்ட் சுருளைக் கசிவுப் பாயம் கோரை நோக்கி அமுக்கும்; வெளியே இருக்கும் 132 கிலோவோல்ட் சுருளை வெளிப்புறமாக இழுக்கும். இழுவையைச் செம்பு தாங்கிக்கொள்ளும். அமுக்கத்தில்தான் உள்சுருள் விளிம்பு நசுங்கிய பாத்திரம்போல உள்வாங்கும்.

கருவி செய்வது எளிமையான வேலை. சுருளின் ஒரு முனையில் சில வோல்ட் அளவுள்ள சைன் அலையைக் கொடுத்து, மறுமுனையில் 50 ஓம் தடையின்மேல் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கிறது. அதிர்வெண்ணை 20 ஹெர்ட்ஸிலிருந்து 2 மெகாஹெர்ட்ஸ் வரை நகர்த்திக்கொண்டே போனால், சுருளின் தூண்டலும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து உண்டாக்கும் பள்ளங்களும் முகடுகளும் டெசிபல் கோட்டில் விழும். சுருளின் வடிவம் மாறினால் அந்தக் கெபாசிட்டன்ஸும் தூண்டலும் மாறும். பள்ளங்கள் இடம் நகரும். ஆனால் பள்ளங்களை நகர்த்தச் சுருள் மட்டும்தான் வேண்டும் என்பதில்லை, அங்கேதான் தொல்லை.

லைன் கம்பிகளையும் 33 பக்க பஸ்பார் இணைப்புகளையும் புஷிங்கிலிருந்து முழுவதுமாகக் கழற்றினோம். 33 பக்கத்தில் இணைந்திருந்த எர்த்திங் டிரான்ஸ்பார்மரும் பிரிக்கப்பட்டது. அதை விட்டுவைத்தால் அதன் சுருளையும் சேர்த்தே அளந்துகொண்டிருப்போம். டேப் சேஞ்சர், நிறுவியபோது எடுத்த பழைய பதிவில் இருந்த அதே நிலைக்கு, அதே திசையிலிருந்து கொண்டுவரப்பட்டது. கேபிள்களின் உறையை ஒவ்வொரு புஷிங்கின் அடிவாய் விளிம்பிலும் தட்டையான பின்னல் கம்பியால் எர்த் செய்தோம். பின்னலைப் புஷிங்கின் உடலோடு ஒட்டி இழுத்துக் கட்டி, மிச்சத்தை மேலேயே மடித்துவிட வேண்டும். விளிம்பில் உள்ள பெயின்ட்டை வெறும் உலோகம் தெரியும் வரை சுரண்டிவிட்டுத்தான் கவ்வியைப் போட்டோம். முதலில் கேபிள்களை ஒன்றோடொன்று நேராக இணைத்து ஒரு சோதனை ஓட்டம். கோடு பூஜ்ஜியம் டெசிபலில் சமமாகப் போனது. பிறகு ஒரே அளவையை, இணைப்பை அவிழ்த்துக் கட்டி மறுபடி எடுத்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்த்தோம். படியாத அளவையை வைத்துக்கொண்டு சுருளைக் குற்றம் சொல்ல முடியாது.

பழைய பதிவோடு ஒப்பிட்டவுடன் கண்ணில் பட்ட முதல் வேறுபாடு பயமுறுத்துவதாகவே இருந்தது. 132 பக்கம், பி–நியூட்ரல், எதிர்ச்சுருள் திறந்த நிலை. பழைய கோட்டில் 480 ஹெர்ட்ஸ் அருகே இருந்த முதல் பள்ளம் 620 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்திருந்தது. அதற்குக் கீழே கோடு முழுவதும் சில டெசிபல் மேலே ஏறியிருந்தது. அருகில் நின்றவர்கள் "நகர்ந்துவிட்டது" என்றே முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பகுதியில், ஏறத்தாழ 2 கிலோஹெர்ட்ஸ் வரை, கோட்டை ஆள்வது கோரின் காந்தத் தூண்டல். எங்களுக்கு முன்பே நேர்மின்னோட்டம் செலுத்தி மின்தடை அளந்திருந்தார்கள். கோரில் காந்தம் மிஞ்சியிருந்தது. மிச்சக் காந்தம் தூண்டலைக் குறைக்கும். தூண்டல் குறைந்தால் பள்ளம் வலப்பக்கம் நகரும், கோடு மேலே ஏறும். நாங்கள் கண்டது அச்சு அசலாக அதுதான். நேர்மின்னோட்டத்தைத் திசை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே போய் காந்தநீக்கம் செய்த பிறகு மறுபடி ஓட்டினோம். பள்ளம் 490 ஹெர்ட்ஸில் வந்து நின்றது. வரிசையை மாற்றினாலே இந்த வேலை மிச்சமாகும்: எஸ்.எஃப்.ஆர்.ஏ. முதலில், மின்தடை கடைசியில்.

இதே இடத்தில் இன்னொன்றும் பலரைக் குழப்பும். ஒய் ஃபேசின் கோடு மற்ற இரண்டோடு ஒட்டவில்லை. ஆரிலும் பியிலும் அடியில் இரட்டைப் பள்ளம், ஒய்யில் ஒற்றைப் பள்ளம். நடுக்காலுக்கு இரு பக்கமும் பாயம் திரும்பும் வழி ஒரே நீளம். ஓரக் கால்களுக்கு ஒரு வழி கிட்டே, ஒரு வழி எட்டே. அதனால் வருவது இது. ஒய்யைத் தள்ளிவைத்து ஆரையும் பியையும் ஒப்பிட்டால் போதும்.

மறுகோடியில், 700 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, எல்லா ஃபேசிலும் பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் இடைவெளி தெரிந்தது. எல்லாச் சுருள்களிலும் ஒரே மாதிரி தெரியும் மாற்றம் ஒரே ஒரு சுருளில் நடந்த விபத்தால் வந்திருக்க முடியாது. பழைய அறிக்கையில் இருந்த புகைப்படத்தில் எர்த் பின்னல் புஷிங்கிலிருந்து விலகி வளைந்து தொங்குவது தெரிந்தது. எங்கள் பின்னலையும் அதேபோல் தளர்த்தி ஓர் ஓட்டம் எடுத்தோம். இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொண்டது. இழுத்துக் கட்டியதும் திரும்பவும் விலகியது. அந்தப் பகுதியை அதோடு விட்டுவிட்டோம்.

இப்போது நடுப்பகுதி. 33 பக்கம், திறந்த நிலை, பி–ஆர் முனைகள். பழைய கோட்டில் 142 கிலோஹெர்ட்ஸில் இருந்த பள்ளம் 131-இல் நின்றது. 190 கிலோஹெர்ட்ஸ் அருகே, முன்பு வழுவழுப்பாக ஏறிய சரிவில், சுமார் 4 டெசிபல் ஆழத்துக்கு ஒரு புதிய சிறு பள்ளம். பின்னலை அசைத்தோம், மாறவில்லை. கேபிளின் திசையை மாற்றி எதிர்முனையிலிருந்து செலுத்தினோம். மாற்றம் அப்படியே இருந்தது. ஆர்–ஒய், ஒய்–பி கோடுகளிலும் அதே இடங்களில் மிக மெல்லிய சுவடு இருந்தது. டெல்டாவைப் பிரிக்க முடியாததால் எந்த முனைகளில் அளந்தாலும் மற்ற இரண்டு சுருள்களும் பக்கவாட்டில் சேர்ந்தே வரும். பழுதான சுருள் தன் சொந்த அளவையில் உரக்கவும் மற்றவற்றில் மெல்லவும் பேசும். இங்கே உரக்கப் பேசியது பி கால். பழுதுப் பதிவு சுட்டிய அதே கால்.

பள்ளம் இடப்பக்கம் நகர்ந்தது என்பதை வைத்து மட்டும் நான் முடிவு சொல்ல மாட்டேன். உள்சுருள் கோரை நோக்கி நசுங்கினால் கோரோடு உள்ள கெபாசிட்டன்ஸ் கூடும். அது பள்ளத்தை இடப்பக்கம் இழுக்கும். அதே நேரத்தில் வெளிச்சுருளோடு உள்ள கெபாசிட்டன்ஸ் குறையும். அது வலப்பக்கம் தள்ளும். எது வெல்லும் என்பது பள்ளத்துக்குப் பள்ளம் மாறும். கருவியோடு வந்த மென்பொருள் சீனத் தரநிலையான டிஎல்/டி 911-இன் படி ஒப்புமைக் குறியீட்டைக் கணக்கிட்டு, 100 முதல் 600 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு 0.8 என்று காட்டியது. அந்தத் தரநிலையில் 1.0-க்கும் 0.6-க்கும் இடைப்பட்டால் 'லேசான சிதைவு'. 'லேசான' என்ற சொல் அறிக்கையில் ஏறினால் அதைப் பிடித்துக்கொண்டு சார்ஜ் செய்யச் சொல்பவர்கள் எப்போதும் உண்டு. இரண்டு கோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண் அது. சுருளில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அல்ல.

அதனால் வேறொரு கேள்வியைக் கேட்டோம். உள்சுருள் உண்மையிலேயே நசுங்கியிருந்தால் இரண்டு சுருள்களுக்கும் இடையிலான வெளி அகன்றிருக்க வேண்டும். அகன்றிருந்தால் கசிவுத் தூண்டல் கூடியிருக்க வேண்டும். இதை எஸ்.எஃப்.ஆர்.ஏ.யின் குறுக்கிணைப்பு அளவையிலேயே பார்க்கலாம். 33 பக்கத்தின் மூன்று முனைகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டு 132 பக்கத்தில் ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்க வேண்டும். குறுக்கிணைத்ததும் கோரின் பங்கு மறைந்துவிடும். காந்தம் மிஞ்சியிருந்தாலும் கவலையில்லை. கீழ் அதிர்வெண்களில் கோடு கசிவுத் தூண்டலின் நேர்சரிவாகவே இருக்கும், மூன்று ஃபேசும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். பழைய பதிவில் இந்த அளவையே இல்லை. ஆனால் இங்கே ஃபேசுக்கு ஃபேஸ் ஒப்பிட்டாலே போதும்.

எதிர்பார்க்க வேண்டிய எண்ணைப் பெயர்ப்பலகையிலிருந்தே கணக்கிடலாம். 132-இன் வர்க்கத்தை 50-ஆல் வகுத்தால் 348 ஓம், அதில் 12.5 சதவீதம் 43.6 ஓம், 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 139 மில்லிஹென்ரி. 1 கிலோஹெர்ட்ஸில் அதன் எதிர்வினைப்பு ஏறத்தாழ 871 ஓம்.

```
20·log10( 50 / |50 + j871| ) = -24.8 dB
```

நாங்கள் அளந்தது: ஆர் −24.73, ஒய் −24.76, பி −25.02 டெசிபல். ஆரும் ஒய்யும் சேர்ந்து நிற்க, பி மட்டும் 0.27 டெசிபல் கீழே. திரையில் முழுக் கோட்டையும் பார்த்தால் இது கண்ணுக்கே படாது. ஒரு கோட்டின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். 500 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் பெரிதாக்கினால்தான் பி விலகி ஓடுவது தெரியும். இந்தப் பகுதியில் எதிர்வினைப்பு 50 ஓமைவிட மிகப் பெரியது என்பதால் 0.27 டெசிபல் என்பது தூண்டல் ஏறத்தாழ 3.2 சதவீதம் கூடியதற்குச் சமம்.

இவ்வளவு சிறிய வேறுபாட்டை மோசமான கவ்வி ஒன்று உண்டாக்கியிருக்கலாமே என்று கேட்டால், அதைப் பிரித்தறியவும் வழி இருக்கிறது. 33 பக்கக் குறுக்கிணைப்பில் 0.1 ஓம் தொடுதடை இருந்தால் அது சுற்று விகிதத்தின் வர்க்கத்தால், இங்கே 5.3-ஆல், பெருகி 132 பக்கத்தில் அரை ஓமாகத் தெரியும். 20 ஹெர்ட்ஸில் அது கோட்டைச் சுமார் 0.08 டெசிபல் தாழ்த்தும்; 1 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும்போது 871 ஓமுக்கு முன்னால் காணாமல் போய்விடும். கசிவுத் தூண்டலின் மாற்றம் இதற்கு நேர்மாறு: 20 ஹெர்ட்ஸில் 0.03 டெசிபல்தான், மேலே போகப் போக வளர்ந்து முழு அளவை எட்டும். எங்கள் பி கோடு 20 ஹெர்ட்ஸில் மற்றவற்றோடு ஏறக்குறைய ஒட்டியிருந்து, மேலே போகப் போக விலகி, 200 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய அதே இடைவெளியில் இணையாக ஓடியது. கவ்வி அப்படி நடந்துகொள்ளாது. இருந்தாலும் கவ்விகளைத் துடைத்து மறுபடி கட்டி ஒருமுறை எடுத்தோம், எண் மாறவில்லை. 50 ஹெர்ட்ஸில் தனியாக ஒவ்வொரு ஃபேசுக்கும் கசிவு எதிர்வினைப்பை அளந்தபோது ஆர் 12.47, ஒய் 12.50, பி 12.88 சதவீதம் என்று வந்தது. தொழிற்சாலையில் குறுமின்சுற்றுச் சோதனை நடத்தும்போது ஐ.இ.சி. 60076-5 இந்த வகை டிரான்ஸ்பார்மருக்கு அனுமதிக்கும் மாற்றம் 2 சதவீதம். அது களத்துக்கு எழுதப்பட்ட வரம்பு அல்லதான். ஆனாலும் 3 சதவீதத்தை அலட்சியப்படுத்த முடியாது என்பதற்கு அது போதும்.

கடைசிச் சாட்சி டான் டெல்டா கருவி. காப்பின் இழப்புக் கோணத்தைப் பற்றி இங்கே கவலையில்லை, எனக்கு வேண்டியது கெபாசிட்டன்ஸ் மட்டும். இரு சுருள்களுக்கு இடையே 7.42 நானோஃபாரடாக இருந்தது 7.27 ஆகியிருந்தது. 33 சுருளுக்கும் தரைக்கும் இடையே 13.1 இருந்தது 13.7 ஆகியிருந்தது. 132 சுருளுக்கும் தரைக்கும் இடையே மாற்றமே இல்லை. இந்த எண்கள் மூன்று கால்களின் கூட்டுத்தொகை. மாறியது ஒரு கால் மட்டும் என்றால் அந்தக் காலில் மாற்றம் மூன்று மடங்கு: வெளிச்சுருளோடு 6 சதவீதம் குறைவு, கோரோடு கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுதல். இதற்கு ஒரே ஒரு வடிவம்தான் பொருந்தும். வெளிச்சுருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உள்சுருள் கோரை நோக்கிப் போயிருக்கிறது.

அறிக்கையில் 'லேசான' என்ற சொல்லை நாங்கள் எழுதவில்லை. பி காலின் 33 கிலோவோல்ட் சுருள் ஆர முகமாக நசுங்கியிருக்கிறது, சார்ஜ் செய்யக் கூடாது, தொட்டியைத் திறக்க வேண்டும் என்று எழுதினோம். ஆட்புழை வழியாக உள்ளே பார்க்கலாமே என்ற யோசனை வந்தது. பார்க்கலாம், ஆனால் கண்ணில் படுவது வெளிச்சுருளும் இறுக்கும் சட்டங்களும் மட்டுமே. சந்தேகப்படும் சுருள் அதற்குப் பின்னால் இருக்கிறது. "எதுவும் தெரியவில்லை" என்ற ஆய்வுக் குறிப்பு ஒன்று கோப்பில் சேர்ந்து, அதுவே பிறகு நமக்கு எதிரான ஆதாரமாகிவிடும். அதனால் அந்த வேலைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பழுதுபார்க்கும் பணிமனையில் மேல் யோக்கைக் கழற்றி பி காலின் 132 சுருளைத் தூக்கியதும் உள்சுருள் தெரிந்தது. உயரத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ கால் பங்கு உயரத்துக்கு, இரண்டு தாங்கு குச்சிகளுக்கு இடையே செம்பு உள்நோக்கி வளைந்திருந்தது. அதற்கு அடுத்த இடைவெளியில் சற்று வெளியே பிதுங்கியிருந்தது. வளைவின் விளிம்புகளில் காகிதக் காப்பு கிழிந்து, இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளின் செம்பு தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருந்தது. தொடவில்லை, அதனால்தான் சுற்று விகிதம் சரியாக வந்தது. ஆர், ஒய் கால்களின் சுருள்கள் கண்ணுக்கு நேராகவே இருந்தன.

மூன்று கால்களிலும் 33 சுருள்களை மாற்றிச் சுற்றினார்கள். வடிவமைப்பு ஒன்றே, ஒன்றை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் அடுத்த பழுதுக்கு விட்டுவைப்பதில் உரிமையாளருக்கு விருப்பமில்லை. பணிமனையில் எண்ணெய் நிரப்பிய பிறகு ஒரு முழுப் பதிவும், தளத்தில் நிறுவிய பிறகு இன்னொன்றும் எடுத்தோம். எண்ணெய் இல்லாமல் எடுத்த கோட்டை எண்ணெயோடு எடுத்ததோடு ஒப்பிட முடியாது. கெபாசிட்டன்ஸ் மாறிப் பள்ளங்கள் எல்லாம் நகர்ந்து நிற்கும். இந்த முறை குறுக்கிணைப்பு அளவையையும் சேர்த்தோம். டேப் நிலை, அதற்கு முந்தைய டேப், காந்தநீக்கம் செய்த விவரம், ஒவ்வொரு புஷிங்கிலும் பின்னல் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதற்கான புகைப்படம் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. திறக்க மறுத்த ஃபீடர் பிரேக்கரின் டிரிப் காயிலையும் மாற்றினார்கள்.